எல்.எம்.டி.டி., இணையோட்டம், எதிரோட்டம்: வேலூர் பக்கத்துக் கெமிக்கல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு முனையிலும் வெப்பநிலை வித்தியாசம் தெரியுது. கூட்டி இரண்டால் வகுத்தா சராசரி வந்துடும். நடுவுல லாக் எதுக்கு சார்?

வகுத்துத்தான் பார்ப்போமே. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் இரட்டைக் குழாய் வெப்பப் பரிமாற்றி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்குழாயில் 80 டிகிரி வெந்நீர் வினாடிக்கு 0.5 கிலோ வீதம் நுழைந்து, 50 டிகிரிக்கு ஆறி வெளியே போகிறது. வெளிக்குழாயில் போர் தண்ணீர் 30 டிகிரியில் வினாடிக்கு 1 கிலோ வீதம் நுழைந்து, 45 டிகிரியில் வெளியே வருகிறது. தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறனை 4.18 என்று போட்டால், வெந்நீர் இழப்பது 62.7 கிலோவாட், போர் தண்ணீர் பெறுவதும் 62.7 கிலோவாட். கணக்கு நேராகிறது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இதே எண்களைத்தான் பயன்படுத்தப் போகிறேன், ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே பக்கம் ஓடினால், அதாவது இணையோட்டத்தில், நுழையும் முனையில் இடைவெளி 80 − 30 = 50 டிகிரி. வெளியேறும் முனையில் 50 − 45 = 5 டிகிரி. சாதாரண சராசரி 27.5.

எதிரெதிராக ஓடினால் ஒரு முனையில் 80 − 45 = 35, மறுமுனையில் 50 − 30 = 20. இதற்கும் சராசரி 27.5தான்.

இது தற்செயல் இல்லை. சாதாரண சராசரி என்பது சூடான பக்கத்தின் சராசரி வெப்பநிலையிலிருந்து குளிர்ந்த பக்கத்தின் சராசரியைக் கழித்தது, அவ்வளவுதான். தண்ணீர் எந்த முனையில் நுழைகிறது என்பது அந்தக் கழித்தலில் எங்குமே இல்லை. எந்த நான்கு எண்களைக் கொடுத்தாலும் இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே விடைதான் வரும்.

லாக் போட்டு எடுக்கும் சராசரி வித்தியாசம்தான் எல்.எம்.டி.டி. ΔT1, ΔT2 என்பவை இரண்டு முனைகளின் இடைவெளிகள். லாக் போட்டால் இரண்டும் பிரிகின்றன:

```
LMTD = (ΔT1 − ΔT2) / ln(ΔT1/ΔT2)

இணையோட்டம்:  (50 − 5)  / ln(50/5)  = 45/2.303 = 19.5
எதிரோட்டம்:   (35 − 20) / ln(35/20) = 15/0.560 = 26.8
```

எதிரோட்டத்தின் 26.8, 27.5க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இணையோட்டத்தின் 19.5 வெகுதூரம் இறங்கிவிட்டது. இரண்டு முனை இடைவெளிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் சாதாரண சராசரியால் பெரிய பாதகமில்லை. ஒன்று 50, இன்னொன்று 5 என்று இருந்தால் அது ஏமாற்றிவிடும்.

அந்த லாக் எங்கிருந்து வருது? புத்தகத்துல ஒரு பக்கம் டெரிவேஷன் இருக்கு, படிச்சா தலை சுத்துது.

அதில் உள்ள விஷயம் இரண்டே வரி. குழாயில் ஒரு சிறு துண்டை எடுத்தால், அந்த இடத்தில் கடக்கும் வெப்பம் அங்கே இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. வெப்பம் கடந்ததும் சூடானது கொஞ்சம் ஆறுகிறது, குளிர்ந்தது கொஞ்சம் சூடேறுகிறது. அதனால் அடுத்த துண்டில் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறையும் வேகம், அந்த இடத்தில் இருக்கும் இடைவெளிக்கே விகிதமாக இருக்கிறது. இப்படிக் குறையும் எதுவாக இருந்தாலும் அடுக்குக்குறி வளைகோடாகத்தான் குறையும். அதைத் தொகைப்படுத்தும்போது லாக் தானாக வந்துவிடும்.

```
dQ = U·ΔT·dA
இணையோட்டம்:  d(ΔT) = −dQ·(1/Ch + 1/Cc)
எதிரோட்டம்:   d(ΔT) = −dQ·(1/Ch − 1/Cc)
```

U என்பது மொத்த வெப்பக் கடத்து குணகம், A என்பது பரப்பு. Ch, Cc என்பவை வெந்நீர், குளிர்ந்த தண்ணீர் இரண்டின் ஓட்ட அளவை வெப்ப ஏற்புத்திறனால் பெருக்கியவை. நம் கணக்கில் Ch = 2090, Cc = 4180 வாட்/கெல்வின். எதிரோட்டத்தின் வரி, வெந்நீர் நுழையும் முனையிலிருந்து நடந்து போவதாக எழுதியது.

அடைப்புக்குள் இருக்கும் அந்தக் கூட்டல், கழித்தல் குறிதான் இரண்டு ஓட்டத்துக்கும் உள்ள மொத்த வேறுபாடு. இணையோட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து இடைவெளியைச் சாப்பிடுகின்றன. அதனால் குழாயின் முதல் பாதியிலேயே பெரும்பகுதி வெப்பம் கடந்துவிடும், மீதிக் குழாய் 10 டிகிரி, 7 டிகிரி இடைவெளியில் இழுத்துக்கொண்டு கிடக்கும். எதிரோட்டத்தில் ஒன்று குறைக்கப் பார்ப்பதை மற்றது ஈடுகட்டுகிறது. அதனால் குழாயின் முழு நீளமும் ஓரளவு சமமாக வேலை செய்கிறது.

பரீட்சையில் டெரிவேஷன் கேட்டால் இன்னொன்றையும் எழுதுங்கள்: U மாறாது, வெப்ப ஏற்புத்திறன் மாறாது, வெளியே வெப்ப இழப்பு இல்லை, ஓட்டம் நிலையாக இருக்கிறது என்ற நான்கு எடுகோள்கள். பிசுபிசுப்பான எண்ணெயைக் குளிர்விக்கும் இடத்தில் இவற்றில் முதலாவதுதான் முதலில் கைவிடும். எண்ணெய் ஆற ஆறத் தடித்துப்போய் U இறங்கிக்கொண்டே வரும். அங்கே பரிமாற்றியை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி U, தனி எல்.எம்.டி.டி. போட வேண்டும்.

ΔT1, ΔT2ன்னா இன்லெட் − அவுட்லெட் தானே?

இல்லை. நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ΔT1 என்பது பரிமாற்றியின் ஒரு முனையில் நின்றுகொண்டு, அந்த முனையில் இருக்கும் சூடானதுக்கும் குளிர்ந்ததுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே திரவத்தின் நுழைவு, வெளியேற்ற வித்தியாசம் இல்லை, அது வெப்பச் சமநிலைக் கணக்குக்கு.

படம் ஒன்று போட்டு, இடது முனையில் இரண்டு எண், வலது முனையில் இரண்டு எண் எழுதி, மேலிருந்து கீழாகக் கழியுங்கள். எதை ΔT1 என்று வைத்தாலும் விடை மாறாது, மேலேயும் கீழேயும் குறி சேர்ந்தே மாறிவிடும்.

அப்ப ஏரியால எவ்வளவு வித்தியாசம் வரும்?

இரண்டு பக்கமும் தண்ணீர், குழாய் சுத்தமாக இருக்கிறது என்று கொண்டு U = 900 வாட்/மீ²·கெல்வின் எடுப்போம்.

இணையோட்டத்துக்கு 62,700 ÷ (900 × 19.54) = 3.57 சதுர மீட்டர். எதிரோட்டத்துக்கு 62,700 ÷ (900 × 26.80) = 2.60 சதுர மீட்டர். 25.4 மில்லிமீட்டர் வெளிவிட்டம் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.08 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். ஆக, ஏறத்தாழ 45 மீட்டர் குழாய்க்குப் பதில் 33 மீட்டர் போதும். எவர்சில்வர் குழாய் வாங்குகிற இடத்தில் 12 மீட்டர் என்பது கண்ணில் தெரியும் காசு.

முதல் கேள்வியின் 27.5ஐப் போட்டிருந்தால் 2.53 சதுர மீட்டர் வந்திருக்கும். எதிரோட்டத்துக்கு அது கிட்டத்தட்ட 3 சதவீதம்தான் குறைவு, யாருக்கும் தெரியாமல் போய்விடும். இணையோட்டத்துக்கோ தேவையில் 29 சதவீதம் குறைவு. கட்டி முடித்து ஓட்டிப் பார்த்தால் வெந்நீர் 50க்கு இறங்கவே இறங்காது.

எல்.எம்.டி.டி. 26.8லேர்ந்து 19.5க்கு இறங்குதுன்னா, ஓடிக்கிட்டிருக்கிற கவுண்டர் ஃப்ளோவை பேரலலா மாத்தினா வெப்பமும் 27 சதவீதம் குறையுமா?

நல்ல கேள்வி. குறையாது, சுமார் 10 சதவீதம்தான் குறையும். 

27 சதவீதம் என்பது நான்கு வெப்பநிலைகளையும் கட்டிப்போட்டுவிட்டுப் பரப்பை மாற்றினால் வரும் எண். டிசைன் செய்பவரின் கேள்வி அது. பிளான்ட்டில் இருப்பவருக்குப் பரப்பு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஓட்டங்களும் நுழைவு வெப்பநிலைகளும் கையில் இருக்கின்றன. வெளியேறும் வெப்பநிலைகள்தான் நகரும்.

மேலே டெரிவேஷனில் வந்ததையே பயன்படுத்துவோம். 2.60 சதுர மீட்டருக்கு UA = 2340 வாட்/கெல்வின். இணைப்பை மாற்றி இணையோட்டமாக ஓட்டினால்:

```
ΔT2/ΔT1 = exp[−UA·(1/Ch + 1/Cc)]
        = exp[−2340·(1/2090 + 1/4180)]
        = exp(−1.679) = 0.1865
ΔT2 = 50 × 0.1865 = 9.3
Q = (50 − 9.3) / (1/2090 + 1/4180) ≈ 56,700 W
```

வெந்நீர் 50க்குப் பதில் 52.9 டிகிரியில் வெளியேறும். போர் தண்ணீர் 45க்குப் பதில் 43.6ல் நிற்கும். புதிய எல்.எம்.டி.டி. 24.2. அதை 2340ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 56.7 கிலோவாட் திரும்ப வரும். 

வெப்பம் குறைவாகக் கடப்பதால் கடைசி முனையின் இடைவெளி 5ல் நிற்காமல் 9.3ஆகத் திறந்துகொள்கிறது. அதனால்தான் எல்.எம்.டி.டி. 19.5 வரை விழவில்லை. ஒரே பரிமாற்றியைப் பற்றி 27 என்று ஒருவரும் 10 என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். எதைக் கட்டிப்போட்டார்கள் என்று கேளுங்கள்.

லேப்ல ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே U, ஒரே எல்.எம்.டி.டி. வருது அண்ணா. ஒரு பேட்சுக்கு பேரலல்தான் அதிகமா வந்துச்சு. ரிப்போர்ட்ல என்ன எழுதறது?

வந்ததை எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். கீசர் வைத்த லேப் கருவியில் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான்.

இப்படி ஒரு ரீடிங் வருவதாகக் கொள்வோம்: வெந்நீர் 60லிருந்து 54க்கு, தண்ணீர் 32லிருந்து 36க்கு. இணையோட்டத்தில் முனை இடைவெளிகள் 28, 18, எல்.எம்.டி.டி. 22.6. இதே நான்கு எண்கள் எதிரோட்டத்தில் வந்தால் 24, 22, எல்.எம்.டி.டி. 23.0. வித்தியாசம் வெறும் 1.6 சதவீதம்.

இப்போது வெந்நீர் வெளியேறும் தெர்மாமீட்டரை யாரோ அரை டிகிரி தவறாக, 53.5 என்று படிக்கிறார்கள். எல்.எம்.டி.டி. அதிகம் அசையாது, 22.6க்குப் பதில் 22.3. ஆனால் வெந்நீர் இழந்த வெப்பம் 6 டிகிரிக்குப் பதில் 6.5 டிகிரியாகி 8 சதவீதம் கூடிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து U சுமார் 10 சதவீதம் ஏறும். நீங்கள் தேடுவது 1.6 சதவீத வித்தியாசம், அரை டிகிரிப் பிசகு தருவது 10 சதவீதம். எந்தப் பேட்சுக்கு எது அதிகமாக வந்தது என்பது அதிர்ஷ்டம்.

காரணம், அந்தக் கருவியின் பரப்பு சிறியது, ஓட்டம் அதிகம். தண்ணீர் சரியாகச் சூடேறும் முன்பே வெளியே போய்விடுகிறது. இடைவெளி நீளவாக்கில் பெரிதாக மாறாத இடத்தில் திசைக்கு வேலையே இல்லை. திசையின் பலன் தெரிய வேண்டுமானால் இரண்டு ஓட்டத்தையும் குறைத்து, வெந்நீர் கணிசமாக ஆறும்படி செய்ய வேண்டும். U கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை. குளிர்ந்த தண்ணீரின் ஓட்டத்தை வெந்நீர் ஓட்டத்துக்குச் சமமாக வைத்தால் வித்தியாசம் இன்னும் துலக்கமாகும்.

கூடவே இரண்டு விஷயம். ஓட்டத் திசையை மாற்றும் வால்வுகளைத் திருப்பியதும், குளிர்ந்த தண்ணீர் நுழைந்த இடம் வெளியேறும் இடமாகிவிடும். பலகையில் T3 என்று ஒட்டியிருப்பதை முதல் ரீடிங்கில் நுழைவு என்று எழுதியவர்கள் இரண்டாவதிலும் அப்படியே எழுதினால், தண்ணீர் சூடாவதற்குப் பதில் குளிர்ந்ததாக வரும். அப்போதே தெரிந்துவிடும், குறியை மட்டும் மாற்றிப் போட்டு மறைக்காதீர்கள்.

அப்புறம், இரண்டு பக்க வெப்பத்தையும் ஒப்பிடாமல் எல்.எம்.டி.டி.க்குப் போகாதீர்கள். வெந்நீர் உள்குழாயில் போகிறது, வெளிக்குழாயில் இருப்பது 32, 36 டிகிரி தண்ணீர். வேலூர் வெயிலில் லேப் அறையே 35 டிகிரி இருக்கும். ஆகவே குழாயிலிருந்து வெளியே போகும் இழப்பு மிகக் குறைவு. இரண்டு கணக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் "வெப்ப இழப்பு" என்று எழுதித் தப்பிக்க முடியாது. ரோட்டாமீட்டரையோ, ஸ்டாப்வாட்ச் வைத்து ஜாடியில் பிடித்த அளவையோ சந்தேகப்படுங்கள், அல்லது கீசர் இன்னும் நிலைக்கு வரவில்லை.

கவுண்டர் ஃப்ளோல ΔT1-ம் ΔT2-ம் சமமா வந்தா கால்குலேட்டர் எரர் காட்டுதே?

0/0 ஆகிறது. இடைவெளி முனைக்கு முனை மாறவில்லை என்றால் சராசரியும் அதுவேதான். நேராக அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

நம் பரிமாற்றியில் போர் தண்ணீர் ஓட்டத்தை 1 கிலோவிலிருந்து 0.5 கிலோவாகக் குறைத்து, அதே 62.7 கிலோவாட் வேண்டும் என்று டிசைன் செய்தால், தண்ணீர் 30லிருந்து 60க்குச் சூடாக வேண்டும். இரண்டு முனையிலும் இடைவெளி 20, எல்.எம்.டி.டி. 20. இரண்டு பக்கமும் Ch, Cc சமமாக இருக்கும் எதிரோட்டத்தில் இப்படித்தான் வரும். மேலே பார்த்த அடைப்புக்குள் இரண்டும் கழிந்து பூஜ்ஜியமாகிவிடுகிறது.

அதே கணக்கை பேரலல்ல போட்டா லாக்குக்குள்ள மைனஸ் வருது. எங்கே தப்பு?

தப்பு உங்கள் கால்குலேஷனில் இல்லை, கேட்ட வேலையில். வெந்நீர் 50ல் வெளியேற, தண்ணீர் 60ல் வெளியேறுகிறது என்று கேட்கிறீர்கள். இணையோட்டத்தில் இரண்டும் ஒரே முனையில் வெளியேறுகின்றன, ஆக அந்த முனையில் குளிர்ந்தது சூடானதைவிடச் சூடாக இருக்க வேண்டும். நடக்காது. அரை அரை கிலோ ஓட்டத்துக்கு, எவ்வளவு நீளமான குழாய் போட்டாலும் இரண்டும் 55 டிகிரியில் சந்தித்து நின்றுவிடும்.

பால் பண்ணைகளில் இந்த வரம்பு எவ்வளவு பெரிது என்று பார்க்கலாம். ஆவின் மாதிரி இடங்களில் பாலை 72 டிகிரியில் 15 வினாடி வைத்துப் பதப்படுத்தும் தட்டுப் பரிமாற்றி இருக்கும். அதன் முதல் பகுதியில், சூடாகி வந்த பால் தன் வெப்பத்தை உள்ளே வரும் பச்சைப் பாலுக்குக் கொடுக்கும். பச்சைப் பால் 4 டிகிரியில் வருகிறது, இரண்டு பக்கமும் ஒரே பால், ஒரே ஓட்டம். எதிரோட்டத்தில் 7 டிகிரி இடைவெளி வைத்தால் பச்சைப் பால் 65 வரை ஏறும், பதப்படுத்திய பால் 11 வரை இறங்கும். 72க்குப் போகத் தேவையான 68 டிகிரியில் 61 டிகிரி இலவசமாகக் கிடைக்கிறது, ஏறத்தாழ 90 சதவீதம். இணையோட்டத்தில் எத்தனை தட்டு அடுக்கினாலும் 38 டிகிரியைத் தாண்டாது, அதாவது சரியாகப் பாதி. மீதியை பாய்லரும் சில்லரும்தான் சுமக்க வேண்டும்.

அப்படின்னா பேரலல் ஃப்ளோவை யாராவது வேணும்னே போடுவாங்களா?

போடுவார்கள், குழாய்ச் சுவரின் வெப்பநிலையைப் பார்த்து.

நம் முதல் கணக்குக்கே வருவோம். இரண்டு பக்கத்திலும் வெப்பக் கடத்து குணகம் ஏறத்தாழ சமம், குழாய்ச் சுவர் மெல்லியது என்று கொண்டால், சுவரின் வெப்பநிலை இரண்டு திரவத்துக்கும் நடுவில் இருக்கும். எதிரோட்டத்தில் ஒரு முனையில் 80ம் 45ம் இருப்பதால் சுவர் 62.5 டிகிரி, மறுமுனையில் 50ம் 30ம் இருப்பதால் 40 டிகிரி. இணையோட்டத்தில் 80ம் 30ம் சந்திக்கும் முனையில் 55, வெளியேறும் முனையில் 47.5. சுவர் எங்குமே 55ஐத் தாண்டவில்லை, முனைக்கு முனை வித்தியாசமும் 22.5லிருந்து 7.5ஆகச் சுருங்கிவிட்டது.

பாலாற்றுப் படுகையில் போர் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் தண்ணீர் கடினம், வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியம் கார்பனேட் சர்க்கரை மாதிரி சூட்டில் அதிகம் கரைவதில்லை. சூடேற ஏறக் கரைதிறன் குறைந்து, சூடான சுவரில் போய் ஒட்டும். எதிரோட்டத்தில் ஏற்கெனவே 45 டிகிரிக்குச் சூடான தண்ணீர் 62.5 டிகிரிச் சுவரில் உரசுகிறது. அந்த முனையில்தான் படிவு முதலில் தடிக்கும். கழற்றிப் பார்த்தால் குழாயின் ஒரு கோடி வெள்ளை வெளேரென்று இருக்கும், மறுகோடி சுத்தமாக இருக்கும்.

அதற்காகக் கடினத் தண்ணீர் என்றதும் இணையோட்டத்துக்கு ஓட வேண்டாம். முதலில் சாஃப்ட்னரைப் பார்ப்பார்கள், அல்லது தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டி வெளியேறும் வெப்பநிலையைக் குறைப்பார்கள். சூட்டில் கெட்டுப்போகும் பொருள், ஆறினால் உறையும் எண்ணெய் போன்ற இடங்களில் இணையோட்டம் இன்னும் நியாயமாகப் பொருந்தும்.

ஸ்டீம்ல சூடு பண்ணும்போது திசை முக்கியமா?

தூய நீராவி ஒரே அழுத்தத்தில் குளிர்ந்து நீராகும்போது வெப்பநிலை மாறாது. 120 டிகிரி நீராவி தண்ணீரை 30லிருந்து 80க்குச் சூடாக்கினால் முனை இடைவெளிகள் 90, 40, எல்.எம்.டி.டி. 61.7. எந்தப் பக்கம் விட்டாலும் அதுவே. மிகைச் சூடான நீராவி உள்ளே வந்தாலோ, நீராவி குளிர்ந்து உண்டான நீர் பரிமாற்றிக்குள்ளேயே மேலும் ஆறினாலோ துண்டு துண்டாகக் கணக்குப் போட வேண்டும்.

ஷெல் அண்ட் டியூப்ல F ஃபாக்டர்னு ஒண்ணு பெருக்கச் சொல்றாங்களே?

குழாய்க்குள் போகும் திரவம் போய்த் திரும்பி வந்தால், பாதி வழி எதிரோட்டம், பாதி வழி இணையோட்டம். விடையும் இரண்டுக்கும் நடுவில் விழும். நம் நான்கு வெப்பநிலைகளில், வெந்நீர் ஆறிய 30ஐத் தண்ணீர் சூடேறிய 15ஆல் வகுத்தால் R = 2, அந்த 15ஐ இரண்டு நுழைவுகளின் இடைவெளி 50ஆல் வகுத்தால் P = 0.3. ஒரு ஷெல் பாஸ், இரண்டு டியூப் பாஸ் என்றால் F = 0.883. எதிரோட்டத்தின் 26.8ஐ அதனால் பெருக்கினால் 23.7. இணையோட்டத்துக்குத் தனியாக எல்.எம்.டி.டி. போட்டு அதையும் F ஆல் பெருக்கும் வேலை வேண்டாம், F எப்போதும் எதிரோட்ட எண்ணோடுதான் சேரும். F 0.75, 0.8க்குக் கீழே போனால் அந்த அமைப்பையே மாற்றுவது வழக்கம். அந்தப் பகுதியில் வளைகோடு செங்குத்தாக இறங்கும், ஒரு டிகிரி மாறினாலும் கணக்கு கவிழ்ந்துவிடும்.

இன்டர்ன்ஷிப் போன இடத்துல மே மாசம் வெந்நீர் 50க்கு இறங்காம 53.6லயே நிக்குது. உப்பு படிஞ்சிருக்கு, கழுவணும்னு ஒருத்தர், வெயில்தான்னு இன்னொருத்தர். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நான்கு வெப்பநிலைகளையும் இரண்டு ஓட்டங்களையும் ஒரே நேரத்தில் எழுதி வாருங்கள். முதல் கேள்வியின் எண்களையே வைத்து, ஓட்டங்கள் மாறவில்லை என்று கொண்டு இரண்டு நிலையையும் போட்டுப் பார்ப்போம்.

ஒன்று: மேல்தொட்டித் தண்ணீர் வெயிலில் காய்ந்து 30க்குப் பதில் 36 டிகிரியில் நுழைகிறது, 49.2ல் வெளியேறுகிறது. கடக்கும் வெப்பம் 55.2 கிலோவாட். எதிரோட்டத்தில் முனை இடைவெளிகள் 30.8, 17.6, எல்.எம்.டி.டி. 23.6. 55,200ஐ 23.6ஆல் வகுத்தால் UA = 2340. பழைய எண்ணேதான். பரிமாற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெயில் சொன்னவர் சரி. இதற்கு ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஆசிட்தான் செலவு.

இரண்டு: தண்ணீர் 30லேயே நுழைகிறது, 43.2ல் வெளியேறுகிறது. வெப்பம் அதே 55.2 கிலோவாட். ஆனால் முனை இடைவெளிகள் 36.8, 23.6, எல்.எம்.டி.டி. 29.7. UA = 1857, பழையதில் 20 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. U 900லிருந்து 714ஆகியிருக்கிறது. 1/714லிருந்து 1/900ஐக் கழித்தால் படிவின் தடை சுமார் 0.00029 மீ²·கெல்வின்/வாட்.

இரண்டிலும் வெந்நீர் 53.6. இரண்டிலும் வெப்பம் 55.2. இரண்டாவதில் எல்.எம்.டி.டி. ஏறியிருப்பதைக் கவனியுங்கள்: அதிக இடைவெளி கொடுத்தும் பரிமாற்றியால் அதே வெப்பத்தைத்தான் கடத்த முடிகிறது. தண்ணீர்ப் பக்கத்தின் அழுத்த இறக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதே ஓட்டத்துக்கு அதுவும் ஏறியிருந்தால் படிவு உறுதி. U இறங்கி, அழுத்த இறக்கம் அப்படியே இருந்தால், படிவு இன்னும் மெல்லிய ஓடாக இருக்கலாம், அல்லது வெந்நீர்ப் பக்கத்தில் இருக்கலாம். அங்கேயும் ஒரு கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.